"செட் ஆகாது ப்ரோ"ன்னு சொன்னா போதுமா? வாட்ஸ்அப் குரூப்பில் மறுப்பு சொல்வது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி. லைனில் வேலை பார்க்கும் 40 பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சீனியர் அண்ணன் ஒருத்தர் மெசேஜ் போடுறார்: "ஆறு நாள் 8 மணி நேரத்துக்குப் பதிலா, நாலு நாள் 12 மணி நேரம் கேட்டுப் பார்க்கலாமா? மூணு நாள் லீவு. எல்லாரும் ஓகேன்னா நாளைக்கு எச்.ஆர்-கிட்ட பேசுறேன்."

கற்பனை உதாரணம்தான். ஆனா, விஷயம் புதுசு இல்லை. வேலை நேரத்தைத் தளர்த்த வழிசெய்யும் மசோதா, 2023 ஏப்ரல் 21-ல் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தி.மு.க-வின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்க, மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, வாபஸ் என அறிவித்தார் முதல்வர் ஸ்டாலின்.

சரி, குரூப்புக்கு வருவோம். உங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. என்ன டைப் பண்ணுவீங்க?

மூணு தப்பான பதில்கள்

"இதெல்லாம் செட் ஆகாது" என்றால், எது செட் ஆகாதுன்னு அண்ணனுக்குத் தெரியாது. "உங்களுக்கு வீடு பக்கத்துல, அதான் பேசுறீங்க" என்றால், பேச்சு ஷிஃப்ட்டை விட்டு ஆளைப் பற்றியதாகிடும். மூணாவது, எதுவும் சொல்லாமல் இருப்பது. நாலு பேர் கட்டை விரலைத் தூக்கி, மீதிப் பேர் அமைதியா இருந்தால், "எல்லாரும் ஓகே"ன்னுதான் எச்.ஆர்-கிட்ட போய்ச் சேரும்.

முதல்ல கணக்கு போடுங்க

திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வர்றவருக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம்னு வெச்சுக்குவோம். தினமும் போக வர 3 மணி நேரம். ஆறு நாளுக்கு 18, நாலு நாளுக்கு 12. அண்ணன் சொல்ற மாதிரி செய்தால் வாரத்துக்கு 6 மணி நேரம் மிச்சம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கு.

ஆனா, அந்த நாலு நாளும் 12 மணி நேர வேலையும் 3 மணி நேரப் பயணமும் சேர்ந்து 15 மணி நேரம் வெளியே. தூக்கம், குளியல், சாப்பாடு, குழந்தை எல்லாத்துக்கும் மிச்சம் 9 மணி நேரம். இதுதான் உங்க எதிர்ப்பின் மையம். இதைச் சொன்னால் போதும்.

இப்போ டைப் பண்ணுங்க

குரூப்பில் வேற மெசேஜ் வந்து குவிஞ்சிருக்கும். அதனால அண்ணனோட மெசேஜை வலது பக்கம் இழுத்து, அதுக்கே ரிப்ளை போடுங்க. எதுக்குப் பதில்னு எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணே, வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் பயணம் குறையுதுன்றது உண்மைதான், 6 மணி நேரம் மிச்சமாகும். எனக்கு இடிக்கிறது 12 மணி நேரம்ன்ற ஒண்ணுதான். திருவள்ளூர்ல இருந்து வர்றவங்க 15 மணி நேரம் வெளிய இருக்கணும், வீட்ல 9 மணி நேரம்தான். நைட் ஷிஃப்ட்டுக்கும் இதேதானா? 8 மணி நேரத்துக்கு மேல இப்போ வர்ற ஓ.டி என்னாகும்? இந்த ரெண்டும் தெரியாம நான் ஓகே சொல்ல முடியலண்ணே. எச்.ஆர்-கிட்ட இதை மட்டும் முதல்ல கேட்டுட்டு, அப்புறம் குரூப்ல ஓட்டெடுப்பு வெக்கலாமா?"

இதில் கவனிக்க வேண்டியது, "எங்க யாருக்கும் பிடிக்கலை" என்று மற்றவங்களுக்கும் சேர்த்துப் பேசவில்லை. "எனக்கு" என்றுதான் இருக்கு. "அண்ணே" என்ற மரியாதை இருக்கு, அதுக்காக கருத்து மழுங்கவும் இல்லை. எந்த ரெண்டு கேள்விக்குப் பதில் வந்தால் மறுபடி யோசிப்பீங்கன்னும் அவருக்குத் தெரியுது.

தனியா சொல்லலாமா?

அண்ணன் கணக்கில் தப்பு பண்ணியிருந்தால், மெசேஜை அழுத்திப் பிடித்து மெனுவில் Reply privately கொடுத்து, தனியா சொல்லிடுங்க. அவரே குரூப்பில் திருத்திக்குவார். ஆனா ஷிஃப்ட் மாதிரி 40 பேரைப் பாதிக்கிற விஷயத்தில், எதிர்ப்பைத் தனியா மட்டும் சொன்னால் மத்தவங்களுக்கு அந்த 9 மணி நேரக் கணக்கு தெரியாமலே போயிடும்.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடிடுச்சா? அனுப்பின 15 நிமிஷத்துக்குள் எடிட் பண்ணலாம். அதுக்குள்ள படிச்சவங்க படிச்சிருப்பாங்க என்பதால், எடிட் பண்ணிட்டு "ஸாரிண்ணே, அந்த வார்த்தை வேண்டாம்"னு ஒரு வரி போடுவது நல்லது.

அடுத்து வர்ற பதில்களைப் பாருங்க. ஓ.டி, நைட் ஷிஃப்ட், பஸ் நேரம் என்று பேச்சு நகர்ந்தால், நீங்க சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கு. "இவன் எப்பவுமே இப்படித்தான்"னு வந்தால், அதுக்கு குரூப்பில் பதில் போடாதீங்க. மறுநாள் டீ பிரேக்கில் அண்ணன் பக்கத்தில் போய் நின்னு, அதே ரெண்டு கேள்வியைக் கேளுங்க.