கண்ணாடித் தம்ளர் மெழுகுவத்திக்கு எந்தத் திரி?

வீட்டில் செய்யும் மெழுகுவத்தி பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, திரியைச் சுற்றி மட்டும் குழி விழும். ஓரத்து மெழுகு உருகாமல் அப்படியே நிற்க, சுடர் குழிக்குள் இறங்கி மூழ்கி அணைந்துபோகும். இன்னொன்று, சுடர் 5 சென்டிமீட்டர் எழும்பித் துடிக்கும். புகை கக்கிக் கண்ணாடியின் வாயைக் கரியாக்கும். இரண்டுக்கும் மெழுகின் தரத்தையே குறை சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. அந்த மெழுகுக்கும் அந்தப் பாத்திரத்தின் அகலத்துக்கும் அந்தத் திரி பொருந்தவில்லை.

அகல் விளக்கில் எண்ணெய் முன்பே திரவமாக இருக்கிறது. திரி அதை உறிஞ்சினால் போதும். மெழுகுவத்தியோ தன் எரிபொருளைத் தானே உருக்கிக்கொள்ள வேண்டும். சுடரின் வெப்பம் மெழுகை உருக்குகிறது, உருகியது திரியின் நூலிடுக்குகள் வழியாக மேலேறுகிறது, நுனியில் ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. 1860ஆம் ஆண்டின் கடைசியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மெழுகுவத்தியைப் பற்றியே சிறுவர்களுக்குத் தொடர் சொற்பொழிவு ஆற்றிய மைக்கேல் ஃபாரடே இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டினார். சுடரின் இருண்ட நடுப்பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செருகி, வழியாக வந்த ஆவியை மறுமுனையில் பற்றவைத்தார்.

ஆகவே திரியின் வேலை எரிவது அல்ல, எரிபொருளை அளந்து கொடுப்பது. மெல்லிய திரி குறைவாகக் கொடுக்கும். சுடர் சிறுக்கும், வெப்பம் ஓரத்தை எட்டாது, குழி விழும். தடித்த திரி அளவுக்கு மீறிக் கொடுக்கும். அவ்வளவு ஆவியையும் முழுதாக எரிக்கச் சுற்றியுள்ள காற்று போதாமல், எரியாத கரி புகையாக வெளியேறும். மெழுகுவத்தி எவ்வளவு உயரம் என்பதற்குத் திரித் தேர்வில் அதிக இடமில்லை. அகலம்தான் கணக்கு.

மெழுகின் வகையும் இந்தக் கணக்கில் சேரும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின்தான் நம் கடைகளில் கட்டிகளாகக் கிடைப்பது. உருகுநிலையைச் சொல்லியே விற்பார்கள். 58-60 என்றால் அத்தனை டிகிரி செல்சியஸில் உருகும் என்று பொருள். உருகினால் தண்ணீர் போல நீர்த்துவிடும், திரியில் எளிதாக ஏறும். அதனால் பாரஃபினுக்கு மெல்லிய திரியே போதும். ஆறும்போது சுருங்கித் திரியருகே பள்ளம் விழும், அதற்கு இரண்டாம் முறை கொஞ்சம் ஊற்ற வேண்டும். அச்சில் வார்க்கும் மெழுகுவத்தி என்றால் பத்தில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். மெழுகு இறுகும், வெண்மை கூடும், அச்சிலிருந்து சுலபமாகக் கழலும். உருகுநிலை குறைந்த பாரஃபினில் செய்த ஒல்லியான மெழுகுவத்தி சித்திரை வெயிலில் நின்ற இடத்திலேயே வளைந்துவிடும்.

சோயா எண்ணெயை இறுகச் செய்து எடுப்பது சோயா மெழுகு. கண்ணாடியில் ஊற்றும் ரகம் 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். சீக்கிரம் உருகுகிறதே, மெல்லிய திரி போதாதா என்று தோன்றும். போதாது. உருகிய சோயா, பாரஃபினைவிடக் கெட்டியானது. திரியில் ஏறத் தயங்கும். அதே தம்ளரில் பாரஃபினுக்குச் சரியாக இருந்த திரி சோயாவில் திணறும், இன்னும் தடித்தது வேண்டும். தேன் மெழுகுக்கு இரண்டு சங்கடமும் உண்டு: 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும், உருகியதும் மெதுவாகத்தான் ஏறும். அதற்குச் சதுரமாகப் பின்னிய தடித்த பருத்தித் திரியே ஏற்றது.

பின்னிய திரி என்பது முக்கியம். பழைய காலத்து முறுக்குத் திரி நிமிர்ந்தே நின்று கருகி நீளும், கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1825இல் பிரான்சில் கம்பசெரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். அது எரிய எரிய நுனி வளைந்து, சுடரின் வெளி ஓரத்துக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். பூஜைக்கு வாங்கும் பஞ்சுத் திரியை மெழுகுவத்தியில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். திரிகளை இழை எண்ணிக்கை சொல்லியோ வரிசை எண் சொல்லியோ விற்பார்கள். ஒருவர் தயாரிப்பின் 10ஆம் எண்ணும் இன்னொருவருடைய 10ஆம் எண்ணும் ஒன்றல்ல. ஒரே வரிசைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

இனி ஒரு தம்ளரை எடுத்துக்கொள்வோம். சூடு தாங்கும் தடித்த கண்ணாடி, உள் அகலம் 7 சென்டிமீட்டர். மெழுகு எதுவரை வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி அளந்தால் 270 மில்லி வருகிறது. மெழுகு தண்ணீரைவிட லேசானது என்பதால் 0.9ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 243 கிராம் சோயா மெழுகு. இந்த அகலத்துக்கு விற்பவர் சொல்லும் திரியையும், அதற்கு ஒரு எண் கீழும் ஒரு எண் மேலும் வாங்கி, ஒரே மாதிரியான மூன்று தம்ளர்களில் வையுங்கள். தம்ளரும் திரியும் ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் சுடர் வெடித்துத் தெறிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்குங்கள். நேரடித் தீ ஆபத்து. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

ஊற்றிய சோயா மெழுகை ஒரு வாரமாவது இறுக விடுங்கள். பிறகு திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்றையும் ஏற்றுங்கள். அகலத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது சோதனைக் கணக்கு. இங்கே சுமார் மூன்று மணி. சின்னத் திரியைச் சுற்றி ஓரத்தை எட்டாத சிறு குளம் இருக்கும். பெரிய திரியில் குளம் எப்போதோ சுவரைத் தொட்டிருக்கும், நுனியில் காளான் போலக் கரி திரண்டிருக்கும். நடுத்திரியில் சுடர் இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டி அசையாமல் நிற்கும், குளம் ஒரு சென்டிமீட்டர் ஆழம் இருக்கும், ஓரத்தில் மெல்லிய விளிம்பு மட்டும் உருகாமல் மிஞ்சும்.

அந்த விளிம்பைப் பார்த்துப் பெரிய திரிக்கு மாற வேண்டாம். மெழுகு இறங்க இறங்கக் கண்ணாடிச் சுவர் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். பாதிக்குக் கீழே போனதும் விளிம்பு தானாகவே உருகிவிடும். முதல் நாளே சுவரைச் சீக்கிரம் தொட்ட திரிதான் கீழே போனதும் புகையத் தொடங்கும். இதனால்தான் ஒரு முறை ஏற்றிப் பார்ப்பது சோதனையாகாது. ஒவ்வொரு முறையும் திரியை வெட்டி, ஆறவிட்டு மறுபடி ஏற்றி, அடிவரை எரித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு நறுமண எண்ணெயோ சாயமோ சேர்த்தால் சோதனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுமே மெழுகு திரியில் ஏறும் வேகத்தை மாற்றும். பிள்ளைகளின் கிரேயானைச் சுரண்டிப் போட்டு நிறமேற்றினால் அதிலுள்ள நிறத்தூள் திரியின் இடுக்குகளை அடைக்கும், சரியான திரியும் மங்கும். மெழுகுக்கென்றே விற்கும் சாயமே சரி. அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். அதற்குக் கீழே சுடரின் வெப்பம் முழுவதும் கண்ணாடியின் அடிப்பகுதியில் இறங்கும், தம்ளர் விரிசல் விடக்கூடும்.