கதிர் போடும் முன் நிழலைப் பாருங்கள்

கல்யாண ஆல்பங்களில் அடிக்கடி கண்ணில் படும் படம் இது: தோப்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள்; வலது மேல் மூலையிலிருந்து பொன்னிறக் கதிர்கள் இறங்குகின்றன. அவர்கள் நிழலும் அதே வலப்பக்கம்தான் விழுந்திருக்கிறது! கதிர் கணினியில் போட்டது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் எதுவோ உறுத்தும்.

சூரியன் எங்கே இருந்தது என்பதைப் படமே சொல்லிவிடும். மணமகனின் தலை உச்சிக்கும் நிழலில் அந்த உச்சி விழுந்த இடத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் நிற்கும் கம்பத்துக்கும் அப்படியே. இரண்டையும் மேலே நீட்டினால் சந்திக்கும் இடம்தான் சூரியன். அது சட்டத்துக்கு வெளியேயும் அமையலாம். நிழல்கள் கேமராவை விட்டு விலகி உள்நோக்கிப் போனால் சூரியன் படமெடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அந்தப் படத்தில் கதிருக்கு இடமே இல்லை.

நம் தோப்புப் படத்தில் கோடுகள் இடது மேல் மூலைக்குச் சற்று வெளியே சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் கேன்வாஸைப் பெரிதாக்கித்தான் அந்தப் புள்ளியை எட்ட முடியும். இடதும் மேலும் மட்டும் நீட்டிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. லென்ஸுக்குள் ஒளி பட்டுத் தெறிக்கும் வண்ண வட்டங்கள் சூரியனிலிருந்து படத்தின் நட்டநடு வழியாக ஒரே கோட்டில்தான் வரிசைகட்டும். ஒருபக்கம் மட்டும் நீட்டினால் அந்த நடு நகர்ந்துவிடும். ஆகவே நாலு பக்கமும் சமமாக நீட்டி, கறுப்பு நிரப்பிய புது லேயரில் Filter > Render > Lens Flare கொடுத்து, லேயரை Screen முறைக்கு மாற்றி, பிறகு பழைய அளவுக்கே வெட்டுங்கள். ஏற்கெனவே வெட்டிய படம் என்றால் மூலப்படத்திலிருந்து தொடங்குவதே சரி.

கதிர்களுக்கு வழி வேறு. இலைகளுக்கிடையே வெளிச்சம் தெரியும் இடங்களை மட்டும் கறுப்பு லேயரில் வைத்து, Radial Blur-இல் Zoom தேர்ந்து, அதன் மையத்தைச் சூரியப் புள்ளிக்கு இழுத்து, இந்த லேயரையும் Screen ஆக்குங்கள். ஆட்களுக்குப் பின்னால் போகவேண்டிய கதிர் முகத்தின் மேல் ஓடினால் மாஸ்க்கால் மறையுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிஜ லென்ஸில் சூரியனுக்கு அருகே உள்ள கறுப்பு மங்கிச் சாம்பலாகும். அங்கே மரத்தண்டு மைக்கறுப்பாகவே நின்றால், கதிர் ஒட்டவைத்ததுபோல் தெரியும். அந்த மூலையில் மட்டும் இளமஞ்சள் வெளிச்சத்தை லேசாகப் பரப்பினால் போதும்.

மேகமூட்டமான நாளில் எடுத்த படத்தில் தெளிவான நிழலே இராது. அதில் கதிர் போடச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.