ஒற்றைக் கால் எரிச்சல்: நரம்பு நெரிபடும் இரண்டு இடங்கள்

பாதம் எரிகிறது என்று யாராவது சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது "சுகர் இருக்கா?" என்ற கேள்விதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் சர்க்கரை நோயால் வரும் எரிச்சலுக்கு ஒரு குணம் உண்டு. அது பெரும்பாலும் இரண்டு கால்களையும் ஏறக்குறைய சமமாகப் பிடிக்கும். விரல் நுனிகளில் தொடங்கி மெல்ல மேலேறும். பி12 சத்துக் குறைவால் வரும் எரிச்சலும் அநேகமாக அப்படித்தான். ஒரு கால் மட்டும், அதிலும் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் மட்டும் எரிகிறது என்றால், நரம்பு எங்காவது நெரிபடுகிறதா என்று தேட வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கும் இந்தத் தேடல் அவசியம். "சுகர் நரம்பு" என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறு செருப்பு.

உள்ளங்காலுக்கு உணர்வு தரும் முக்கிய நரம்பு, கெண்டைக்காலுக்குள் ஆழமாக இறங்கி, கணுக்காலின் உள்பக்க முட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளம் வழியாகப் பாதத்துக்குள் நுழைகிறது. அந்தப் பள்ளத்தின் ஒரு பக்கம் எலும்பு. மேலே இறுக்கமான நார்ப்பட்டை. மூன்று தசைநாண்களும் ரத்தக் குழாய்களும் நரம்பும் இந்த இடுக்கில்தான் நெருங்கிப் போகின்றன. டார்சல் டனல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இந்தப் பகுதியிலேயே நரம்பு குதிகாலுக்கு ஒரு கிளையை விட்டு, மிச்சம் இரண்டாகப் பிரிந்து உள்ளங்காலில் முன்னோக்கி ஓடுகிறது. முன்பாதத்தில் விரல் எலும்புகளின் தலைகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் இன்னொரு நார்ப்பட்டை உண்டு. நரம்பின் கடைசிக் கிளைகள் அதற்கு அடியில் நுழைந்து, விரல்களுக்கு நடுவே பிரிந்து முடிகின்றன. ஆக, ஒரே நரம்புக்கு நுழைவாயிலில் ஓர் இடுக்கு, முடிகிற இடத்தில் ஓர் இடுக்கு. எந்த இடுக்கில் மாட்டியிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கேள்விகளும் கைவிரல்களுமே சொல்லிவிடும். ஸ்கேன் அதற்கு அப்புறம்தான்.

முதலில் முன்பாதம். நாற்பத்தைந்து வயதுள்ள, ஜவுளிக்கடையில் விற்பனை வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நாள் முழுக்க நிற்கும் வேலை. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் வந்துவிட்டது, உட்கார நேரம் கிடைக்கிறதா என்பது வேறு கதை.) முன்பக்கம் குறுகி, பின்பக்கம் உயர்ந்த கட்ஷூ போடுகிறார். சில மாதங்களாக வலது பாதத்தின் முன்பக்கம் சாயங்காலம் ஆனால் நெருப்பாக எரிகிறது.

"எந்த இடம்னு ஒரு விரலால காட்டுங்கம்மா."

"இங்கதான் டாக்டர், மூணாவது விரலுக்கும் நாலாவது விரலுக்கும் நடுவுல. ஷூவுக்குள்ள கூழாங்கல்லு கெடக்குற மாதிரியே இருக்கு. கழட்டிப் பார்த்தா ஒண்ணும் இல்ல."

"கழட்டினா எப்படி இருக்கு?"

"கழட்டி நல்லா அமுக்கிவிட்டா கொறஞ்சிடும்."

நோயின் பாதி விவரம் இந்தப் பேச்சிலேயே வந்துவிட்டது. பெருவிரலிலிருந்து எண்ணினால் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடைப்பட்ட சந்துதான் இந்த நோய் அதிகம் வரும் இடம்; அதற்கு அடுத்தபடியாக, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே. ஷூவைக் கழற்றியதும் ஆறுதல் கிடைப்பது முக்கியமான துப்பு. நம் வீடுகளில் வெறுங்காலோடு நடப்பதால் இன்னொரு துப்பும் கிடைக்கிறது. வெறுங்காலில் டைல்ஸ் தரையில் ஊன்றும்போதுதான் வலி அதிகம், எரிச்சலைவிடக் குத்தலே தூக்கல் என்றால், நரம்பைவிட விரல் மூட்டின் மேலும் அடிப்பகுதித் திசுவின் மேலும்தான் சந்தேகம் போக வேண்டும். பாதத்தின் மேற்புறம் ஒரே எலும்பைத் தொட்டால் வலித்து, வீங்கியும் இருந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம்.

இனி கைப்பரிசோதனை. மருத்துவர் ஒரு கையால் முன்பாதத்தை இரு பக்கமும் சேர்த்து நெருக்குகிறார். மறுகையின் கட்டைவிரலால் அந்தச் சந்தை உள்ளங்கால் பக்கமிருந்து அழுத்துகிறார். ஏதோ ஒன்று 'டக்' என்று நழுவுவது கைக்குத் தெரிகிறது, "இதே வலிதான்!" என்கிறார் அவர். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது சான்று. வலியில்லாத 'டக்' நல்ல பாதங்களிலும் கேட்கும். மூன்றாம், நான்காம் விரல்களின் எதிரெதிர்ப் பக்கங்களில் பஞ்சால் தொட்டுப் பார்த்தால் உணர்வு சற்று மங்கியிருக்கலாம்.

இந்த நோயை விரிவாக எழுதியதால் பெயர் பெற்றவர் ஃபிலடெல்ஃபியாவின் அறுவை மருத்துவர் தாமஸ் மார்ட்டன், ஆண்டு 1876. ஸ்கேன் அறிக்கையில் 'மார்ட்டன்ஸ் நியூரோமா' என்று படித்துவிட்டுப் புற்றுநோயோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இது புற்றுநோயும் அல்ல, வளர்ந்து பரவும் கட்டியும் அல்ல. ஒவ்வோர் அடியிலும் விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது நரம்பு இழுபட்டு நார்ப்பட்டையோடு உரசுகிறது. அதனால் அதைச் சுற்றியுள்ள திசு தழும்பேறித் தடிக்கிறது. குதிகால் உயர்ந்த ஷூவில் விரல்கள் நாள் முழுக்க அப்படி மடங்கியே இருக்கின்றன. குறுகிய முன்பக்கம் இரு புறமும் நெருக்குகிறது. இத்தகைய தடிப்பு, வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் தெரிவதுண்டு. ஆகவே ஸ்கேன் காட்டும் இடமும் விரல் காட்டும் இடமும் ஒத்துப்போகாவிட்டால், நான் விரலைத்தான் நம்புவேன்.

சிகிச்சை காலணியில் தொடங்குகிறது. முன்பக்கம் அகலமாக, குதிகால் தாழ்வாக, அடிப்பகுதி எளிதில் வளையாததாக இருக்க வேண்டும். அதற்குள் முன்பாதத் திண்டு ஒன்று வைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறிய பொருள்தான். ஆனால் பலர் அதை வலிக்கிற இடத்துக்கு நேர் அடியிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டினால் நரம்பின் மேல் இன்னும் அழுத்தம் ஏறி, வலி கூடத்தான் செய்யும். திண்டு உட்கார வேண்டியது எலும்புத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. அங்கிருந்து அது எலும்புகளைத் தூக்கி லேசாக விரிக்கும். நரம்புக்கு இடம் கிடைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக் தடவி, ஷூவுக்குள் காலை வைத்து ஒருமுறை அழுத்தி எடுங்கள். உள்ளே பதிந்த கறைக்குச் சற்றுப் பின்னால் திண்டின் முன்விளிம்பு வர வேண்டும். உணர்வு மரத்துப்போன சர்க்கரைப் பாதத்தில் மட்டும் இதைத் தானாகச் செய்துபார்க்கக் கூடாது. திண்டு உரசிப் புண்ணானாலும் தெரியாது.

சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை இதற்கு அவகாசம் தரலாம். போதாவிட்டால் பாதத்தின் மேற்புறமிருந்து அந்தச் சந்துக்குள் ஸ்டீராய்டு ஊசி. பலருக்குச் சில மாதங்களாவது நிம்மதி கிடைக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் உள்ளங்காலின் கொழுப்பு மெத்தை மெலிந்துபோகலாம், தோல் வெளுக்கலாம். இவற்றுக்கும் அடங்காவிட்டால்தான் அறுவை. தடித்த நரம்புத் துண்டை எடுத்துவிட்டால் பெரும்பாலானோருக்கு வலி போகிறது. பதிலுக்கு அந்த இரு விரல்களின் எதிரெதிர்ப் பக்கங்கள் நிரந்தரமாக மரத்துப்போகின்றன. சிலருக்கு வெட்டிய முனையே மறுபடி தடித்து, முதல் வலியைவிடப் பிடிவாதமான வலியைத் தரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நுழைவாயில். டார்சல் டனலில் நரம்பு நெரிபட்டவர் ஒரு விரலால் இடம் காட்டமாட்டார். உள்ளங்கை முழுவதையும் பாதத்தின் அடியில் தடவிக் காட்டுவார். எரிச்சல், மதமதப்பு, மின்சாரம் பாய்ந்த மாதிரிச் சுரீர் எனல் எல்லாம் உள்ளங்காலிலும் விரல்களிலும் பரவியிருக்கும். குதிகால் கிளை சிலருக்கு இடுக்குக்கு முன்பே பிரிந்துவிடுவதால் அவர்களுக்குக் குதிகால் தப்பியிருக்கும். நிற்க நிற்கக் கூடும். ஷூவைக் கழற்றினாலும் சட்டென்று அடங்காது. சிலரை இரவில் எழுப்பிவிடும். கணுக்கால் உள்முட்டுக்குப் பின்னால் விரலால் தட்டினால் சுரீரென்று உள்ளங்காலுக்கு ஓடுவது முக்கியமான அறிகுறி. பாதத்தை மேலே மடக்கி வெளிப்பக்கம் திருப்பிச் சில விநாடிகள் பிடித்தால் அதே எரிச்சல் கிளம்புவது இன்னொன்று.

இங்கே கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. எது நெரிக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும். தசைநாண் உறையிலிருந்து கிளம்பிய நீர்க்கட்டி, புடைத்த சிரைகள், பழைய எலும்பு முறிவின் தழும்பு, உள்பக்கம் சாய்ந்து நரம்பை இழுத்துவைக்கும் தட்டைப் பாதம் எனப் பல காரணங்கள் உண்டு. சிலருக்குக் காரணமே அகப்படாது. எம்ஆர்ஐயும் அல்ட்ராசவுண்டும் கட்டியைக் காட்டும். புடைத்த சிரை மட்டும் படுத்திருக்கையில் சுருங்கி ஏமாற்றிவிடலாம். நரம்பில் மின்னோட்டம் விட்டுப் பார்க்கும் சோதனை சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

தட்டைப் பாதம் காரணம் என்றால், பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் இன்சோல் போட்டுச் சாய்வைக் குறைப்பதே முதல் மருந்து. கட்டி இருந்தால் அதை எடுத்துவிடலாம்; இந்த அறுவையில் நல்ல பலன் கிடைப்பது அநேகமாக இவர்களுக்குத்தான். காரணமே தெரியாமல், நார்ப்பட்டையைப் பிளந்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் செய்யும் அறுவைக்கு உத்தரவாதம் குறைவு. நெடுநாள் நெரிபட்டு உள்ளங்கால் சிறு தசைகள் சூம்பியபின் செய்தால் இன்னும் குறைவு.

மேல்நாட்டுப் புத்தகங்களில் அடிக்குறிப்பாகப் போய்விடுகிற, ஆனால் இந்தியாவில் மறக்கக் கூடாத ஒரு காரணம் தொழுநோய். அது விரும்பித் தாக்கும் நரம்புகளில் கணுக்காலுக்குப் பின்னால் உள்ள இதே நரம்பும் ஒன்று. அங்கே தடவினால் நரம்பு கயிறுபோலத் தடித்துத் தட்டுப்பட்டாலோ, உடலில் எங்காவது உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தாலோ, நார்ப்பட்டையைப் பிளக்கும் பேச்சை எடுப்பதற்கு முன் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.