'மறுக்கிறேன்' பொத்தானும் கணக்கில் வராத விற்பனையும்

ஐரோப்பாவில் எந்த இணையக் கடைக்குள் போனாலும் குக்கீ அனுமதி கேட்கும் பெட்டிதான் முதலில் வந்து நிற்கும். ஒரு காலத்தில் 'எல்லாம் ஏற்கிறேன்' பொத்தான் பளிச்சென்று கண்ணில் படும். மறுக்க வேண்டுமானால் உள்ளே போய்த் துழாவ வேண்டும். ஏற்பதைப் போலவே மறுப்பதும் எளிதாக இருக்க வேண்டும் என்று பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல். கறாராக நின்றது. அப்படி இல்லாததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்து, 2022 ஜனவரியில் அறிவித்தது.

இரண்டு பொத்தானையும் சமமாக வைத்தால், விளம்பர அறிக்கையில் 'கன்வெர்ஷன்' எண்ணிக்கை சரிவது வழக்கம். விளம்பரத்தைப் பார்த்து வந்து வாங்கியவர்களின் கணக்கு அது. மறுத்தவர் வாங்காமல் போய்விடவில்லை. பணம் கட்டுகிறார், பார்சலும் போய்ச் சேர்கிறது. எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தார் என்பதை நினைவில் வைத்திருக்கும் குக்கீதான் இல்லை. இது தெரியாமல் 'விளம்பரம் எடுபடவில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

விடுபட்டது எவ்வளவு என்று அறிய குக்கீயே தேவையில்லை. கடையின் ஆர்டர் பதிவேட்டில் எல்லா விற்பனையும் இருக்கிறது. ஒரு மாதத்து ஆர்டர்களை எடுத்து, சோதனைக்காகப் போட்டவற்றையும் போனில் வந்தவற்றையும் கழித்துவிட்டு, அவற்றில் எத்தனை அனலிட்டிக்ஸில் பதிவாகியிருக்கின்றன என்று எண்ண வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே ஆர்டர் எண் (`transaction_id`) இருந்தால் இரட்டைப் பதிவும் பிடிபடும். பதிவானதை மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பதிவு விகிதம்.

பெட்டியில் எத்தனை பேர் 'ஏற்கிறேன்' அழுத்தினார்கள் என்ற விகிதத்தை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வந்து போனவர்கள் எல்லோருடைய கணக்கு. வாங்கும் எண்ணத்தோடு வருகிறவரும் வேடிக்கை பார்க்க வருகிறவரும் ஒரே மாதிரி அழுத்த வேண்டும் என்பதில்லை. போதாததற்கு, விளம்பரத் தடுப்பான்களால் விடுபடுவதும் அந்த விகிதத்தில் தெரியாது.

ஒரு கடை ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் விளம்பரத்துக்குத் தலா 4,000 யூரோ செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். அறிக்கையில் ஜெர்மனிக்கு 100 கன்வெர்ஷன், ஸ்பெயினுக்கு 120. ஒரு விற்பனைக்கு ஜெர்மனியில் 40 யூரோ, ஸ்பெயினில் 33. ஜெர்மனி விளம்பரத்தைக் குறைக்கத்தான் எவருக்கும் தோன்றும்.

பதிவேட்டைப் புரட்டினால், ஜெர்மனி முகவரிக்குப் போன 400 ஆர்டர்களில் அனலிட்டிக்ஸில் இருப்பவை 200. ஸ்பெயினின் 400-இல் 320. பதிவு விகிதம் 50%, 80%. அதனால் வகுத்தால் ஜெர்மனியின் 100 என்பது 200 ஆகிறது, ஸ்பெயினின் 120 என்பது 150. செலவு 20 யூரோவும் சுமார் 27 யூரோவுமாகத் தலைகீழாகிவிடுகிறது. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே சராசரியைப் போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. கைபேசி, கணினி என்று பிரித்தும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

400 ஆர்டரில் கிடைத்த 50% என்பதை 45 முதல் 55 வரை என்று கொள்வதே நியாயம். அப்படியானால் ஜெர்மனியின் செலவு 18 முதல் 22 யூரோ. ஸ்பெயினுக்கு அதே போல் 76 முதல் 84 வரை எடுத்தால் 25 முதல் 28 யூரோ. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை, அதனால் தீர்ப்பு நிற்கும். தொட்டிருந்தால் இன்னும் இரண்டு மாதம் பொறுப்பதுதான் புத்திசாலித்தனம்.

வகுப்பதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். கூகுளின் 'கன்சென்ட் மோட்' போட்டிருந்தால், விடுபட்டதில் ஒரு பங்கை கூகுளே மதிப்பிட்டுக் கன்வெர்ஷன் எண்ணிக்கையில் சேர்த்திருக்கலாம். அதன் மேல் நாமும் வகுத்தால் ஒரே விற்பனையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஆனால் அந்த மதிப்பீடு தொடங்க ஒரு நாட்டில், ஒரு தளத்துக்கு, 7 நாளில் 700 விளம்பரக் கிளிக்காவது வேண்டும். சின்னக் கடைகள் பல இந்த வாசலையே எட்டாது.

இந்தக் கணக்குக்குப் பிடிபடாத ஒரு ஓட்டையும் இருக்கிறது. விளம்பரத்திலிருந்து வருகிறவரின் முகவரியில் `gclid` என்ற குறி ஒட்டியிருக்கும். பெட்டியைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பக்கத்துக்குப் போய், அங்கே 'ஏற்கிறேன்' அழுத்தினால் பல தளங்களில் அந்தக் குறி அதற்குள் உதிர்ந்துவிடும். விற்பனை பதிவாகும், விளம்பரத்தின் பேரில் வராது. அறிக்கையில் 'நேரடியாக வந்தவர்கள்' திடீரென்று கூடியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அப்போது வகுத்தல் கணக்கை நம்பாமல், சில ஊர்களில் மட்டும் நான்கு வாரம் விளம்பரத்தை நிறுத்திவைத்து, அந்த ஊர்களின் ஆர்டர் மற்ற ஊர்களைவிட எவ்வளவு இறங்குகிறது என்று பதிவேட்டிலேயே பார்க்க வேண்டும்.