பையன்களுக்கு எதற்கு அந்த ஊசி, தெரியுமா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் வரிசையாக நிற்க வைத்து ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? ஒன்பது மாதக் கைக்குழந்தையிலிருந்து பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் வரை, எல்லோருக்கும் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி, அன்றைக்குப் பிள்ளையை வீட்டிலேயே இருத்திக்கொண்டவர்களும் உண்டு. அந்த ஊசியின் ருபெல்லா பங்கு, கையை நீட்டிய பையனுக்காகப் போட்டதே அல்ல என்பது தெரியுமா? இன்னும் பிறக்காத ஏதோ ஒரு பிள்ளையின் கண்ணுக்காகப் போட்டது!

ருபெல்லா வந்தவருக்கு அது பெரிய நோயே இல்லை. லேசான காய்ச்சல், இரண்டு மூன்று நாள் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டும். பலருக்கு அதுகூடத் தெரியாமல் போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் தாய்க்குத் தொற்றினால் கதை வேறு: பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. ஆரம்ப வாரங்களில் இந்த ஆபத்து பத்துக்கு ஒன்பது வரை போகும். இதைக் கண்டுபிடித்தவர் ஒரு கண் டாக்டர் என்பது தெரியுமா? சிட்னியில் நார்மன் கிரெக் என்பவர், 1941-ல், கைக்குழந்தைகளுக்கு ஏன் இத்தனை கண்புரை என்று தாய்மார்களை விசாரித்தபோது பிடிபட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்! 1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் காரணம் ருபெல்லா! கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், தேனியோ மதுரையோ, உடனே கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

சரி, கர்ப்பிணிக்கே ஊசியைப் போட்டுவிட்டால்? முடியாது. அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. கர்ப்ப காலத்தில் போடமாட்டார்கள். நோயாளியைக் கண்டு ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை, தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் பரப்ப ஆரம்பித்துவிடுவார். எதிர்ப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்கு மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு, அவளைச் சுற்றியிருக்கிறவர்கள்தான்.

கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு மேட்டில் ஏறும் ஜீப்பை நினைத்துப் பாருங்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு ருபெல்லா, அவனுக்கே தெரியாது. யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் அவன் சுமார் ஆறு பேருக்குக் கொடுப்பான். ஆறு முப்பத்தாறாகும், முப்பத்தாறு இருநூறைத் தாண்டும். அந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்? ஒருவருக்குத்தான் போகும். அதற்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் சங்கிலி தேய்ந்து அறுந்துபோகும். கடைசி சீட்டில் இருக்கும் இரண்டு மாதக் கர்ப்பிணியிடம் கிருமி வந்து சேரவே சேராது! இதைத்தான் மந்தை எதிர்ப்பாற்றல் என்கிறார்கள். பெயர் ஆட்டுக்கூட்டத்துக்கு வைத்த மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் போதாதா? இங்கிலாந்து 1970-லிருந்து அப்படித்தான் செய்தது. தம்பியிடமும் கணவனிடமும் கிருமி சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி தப்பிப்போன பெண்களை அது கண்டுபிடித்துவிட்டது. 1988-ல் ஆண்பிள்ளைகளுக்கும் போட ஆரம்பித்தார்கள்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று, பயமாகவும் இருக்கும். அரைகுறையாகப் போட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகலாம், தெரியுமா? கிரீஸ் நாட்டில் 1970-களிலேயே ஊசி வந்துவிட்டது, ஆனால் நெடுநாள் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் போடவில்லை. கிருமி ஒழியவில்லை, மெதுவானது. சின்ன வயதில் வந்து போயிருக்க வேண்டிய ருபெல்லா பல பெண்களுக்கு வராமலே தள்ளிப்போய், கர்ப்ப வயதில் வந்து பிடித்தது. 1993-ல் அங்கே 25 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தன.

கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நூற்றுக்குத் தொண்ணூறு என்று ரிஜிஸ்டரில் இருக்கலாம். விட்டுப்போன பத்துப் பேரும் ஒரே தெருவில் இருந்தால், அந்தத் தெருவுக்கு அந்தத் தொண்ணூறால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தோட்டத்துக்கும் ஊருக்குமாக மாறி மாறி இருக்கிற குடும்பங்களில், ஒன்பது மாதத்தில் ஒன்றும் ஒன்றரை வயது வாக்கில் ஒன்றுமாகப் போட வேண்டிய இரண்டு ஊசியில் இரண்டாவதுதான் பெரும்பாலும் தவறும்.

எல்லா நோய்க்கும் இந்தக் கவசம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெட்டனஸ் மண்ணிலிருந்து வருகிறது. திராட்சைத் தோட்டத்தில் துருப்பிடித்த கம்பி கிழித்தால், ஊரே ஊசி போட்டிருந்தாலும் உங்களுக்கு உதவாது. உங்கள் ஊசிதான் உங்களைக் காக்கும்.

2017-ல் எட்டாம் வகுப்பு வரிசையில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்ட பையன், இன்றைக்கு அந்த ஜீப்பில் ஒட்டி உட்கார்ந்து போகிறவனாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவள் கர்ப்பிணி என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டாம் மாதம், அவளுக்கே இன்னும் சரியாகத் தெரியாது.