எது நகல், எது தனித் தகவல்?

கல்லூரிகளில் டேட்டாபேஸ் பாடத்துக்கு செமினார் கொடுக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் நார்மலைசேஷனைத்தான் எடுக்கிறார்கள். முதல் நார்மல் ஃபார்ம், இரண்டாவது, மூன்றாவது என்று வரையறைகள் திரையில் வரிசையாக வரும். கடைசி ஸ்லைடில் ‘வேகத்துக்காகச் சில சமயம் இந்த விதிகளை மீறலாம்’ என்று ஒரு வரி இருக்கும். கேள்விகள் தொடங்க வேண்டிய இடம் அந்த வரிதான். எந்தச் சமயம்? எவ்வளவு வேகம்? மீறினால் என்ன கெடும், கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? இவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று நம்பலாம்.

ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். பில் போட ஒரே ஒரு டேபிள் இருக்கிறது. பில் எண், தேதி, வாடிக்கையாளரின் பெயர், போன் எண், மருந்து, பேட்ச் எண், காலாவதித் தேதி, அளவு, விலை எல்லாம் அதில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒருவர் மூன்று மருந்து வாங்கினால் மூன்று வரிசைகள். மூன்றிலும் அவர் பெயரும் போன் எண்ணும் திரும்பத் திரும்ப வரும்.

இடம் வீணாவது இதில் பெரிய சிக்கல் இல்லை, இன்றைக்கு வட்டு மலிவு. தொல்லை வேறு மூன்று வழிகளில் வருகிறது. வாடிக்கையாளர் போன் எண்ணை மாற்றினால், அவருடைய பழைய வரிசைகள் எல்லாவற்றிலும் தேடித் திருத்த வேண்டும். நாலு விட்டுப்போனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள். புதிய பேட்ச் கடைக்கு வந்து இன்னும் ஒரு பட்டைகூட விற்கவில்லை என்றால், அதன் காலாவதித் தேதியை எழுத இடமே இல்லை, ஏனென்றால் பில் இல்லாமல் வரிசை இல்லை. ஒரு பேட்ச் ஒரே ஒரு பில்லில் மட்டும் விற்றிருந்து, அந்த பில்லை ரத்து செய்து அழித்தால் பேட்ச்சின் காலாவதித் தேதியும் கூடவே போய்விடும்.

ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் உறவுநிலை டேட்டாபேஸ் என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டாவது, மூன்றாவது நார்மல் ஃபார்ம்கள் அதற்கு அடுத்த ஆண்டுகளில் அவரிடமிருந்தே வந்தன. அவர் கேட்கச் சொன்ன கேள்வி எளிமையானது: இந்தத் தகவல் எதைப் பொறுத்தது? தேதி பில் எண்ணை மட்டும் பொறுத்தது, எந்த மருந்து என்பதைப் பொறுத்ததல்ல. ஆகவே அது பில் டேபிளுக்குப் போகிறது. காலாவதித் தேதி மருந்தையும் பேட்ச் எண்ணையும் பொறுத்தது, யார் வாங்கினார் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. அது பேட்ச் டேபிளுக்கு. வாடிக்கையாளரின் பெயர் பில் எண் வழியாகத் தெரிய வருகிறது, ஆனால் நேராகப் பொறுத்திருப்பது வாடிக்கையாளரை. அது வாடிக்கையாளர் டேபிளுக்கு. எஞ்சும் பில் விவர டேபிளில் எந்த பில்லில் எந்த பேட்ச்சிலிருந்து எத்தனை, என்ன விலைக்கு என்பது மட்டும்.

இங்கே அவையிலிருந்து வர வேண்டிய முதல் நல்ல கேள்வி: எது எதைப் பொறுத்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? கையில் இருக்கும் தரவைப் பார்த்துச் சொன்னேன் என்றால் அது போதாது. ஐம்பது வரிசைகளில் ஒவ்வொரு போன் எண்ணுக்கும் ஒரே பெயர்தான் இருக்கிறது என்பதால் போன் எண்ணையே வாடிக்கையாளரின் பிரைமரி கீ ஆக வைத்தால், ஒரே எண்ணைக் கொடுத்து அப்பாவும் மகளும் தனித்தனியாக மருந்து வாங்கும் நாளில் மகளின் மருந்து அப்பாவின் கணக்கில் ஏறும். இந்த விஷயத்தைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். தரவால் ஒரு சார்பு பொய் என்று காட்ட முடியும், மெய் என்று காட்ட முடியாது.

இரண்டாவது கேள்வி, பிரித்ததைத் திரும்பச் சேர்த்தால் பழையது அப்படியே வருகிறதா? செமினார்களில் அதிகம் விட்டுப்போவது இதுதான். ஒரு மாணவர் பெரிய டேபிளை (பில் எண், தேதி) என்றும் (தேதி, மருந்து) என்றும் இரண்டாக வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் பில் 101-இல் பாராசிட்டமால், பில் 102-இல் மெட்ஃபார்மின் போயிருக்கின்றன. தேதியை வைத்து இரண்டையும் இணைத்தால் நாலு வரிசைகள் வரும். 101-க்கு மெட்ஃபார்மின், 102-க்கு பாராசிட்டமால் என்று நடக்காத இரண்டு விற்பனைகளும் அதில் இருக்கும். வரிசை கூடியிருக்கிறது, ஆனால் எந்த பில்லில் எது விற்றது என்ற தகவல் தொலைந்துவிட்டது. இரண்டு துண்டுக்கும் பொதுவாக நிற்கும் பத்தி, ஏதாவது ஒரு துண்டிலாவது கீ ஆக இருந்தால் இந்த விபத்து நேராது. தேதி இரண்டிலும் கீ இல்லை.

இனி விதி மீறலுக்கு வருவோம். மருந்து டேபிளில் ஜிஎஸ்டி விகிதம் இருக்கிறது. பில் விவர டேபிளிலும் ஜிஎஸ்டி விகிதத்தை எழுதுகிறோம். இது விதி மீறலா என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் ஆமாம் என்பார்கள். நான் இல்லை என்பேன்.

2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி 100 ரூபாய் மதிப்புள்ள மருந்துக்கு 12 ரூபாய் வரி போட்டு 112-க்கு பில் கொடுத்த கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். விகிதம் மருந்து டேபிளில் மட்டுமே இருந்து, பில் அதைப் பார்த்துக் கணக்கிடுவதாக இருந்தால், 22-ஆம் தேதி அந்த ஒரு எண்ணைத் திருத்தியதும் பழைய பில்கள் எல்லாம் மாறிவிடும். 10-ஆம் தேதி பில்லை மறுபடி அச்சடித்தால் 105 ரூபாய் என்று வரும். வாடிக்கையாளர் கையிலிருக்கும் தாளிலோ 112. அவர் மருந்தைத் திருப்பிக் கொடுக்க வந்தால் கடை எதைத் திருப்பித் தரும்? கடை வரித்துறைக்குக் காட்டிய கணக்கும் இதோடு ஒத்துப்போகாது.

இந்த இரண்டு எண்களும் பார்ப்பதற்குத்தான் ஒன்று. ‘இன்றைக்கு இந்த மருந்துக்கு என்ன விகிதம்’ என்பது ஒரு தகவல், அது மருந்தைப் பொறுத்தது. ‘அன்றைக்கு இந்த பில்லில் என்ன விகிதம் போட்டோம்’ என்பது வேறு தகவல், அது அந்த பில் வரிசையை மட்டுமே பொறுத்தது. தனது கீயைப் பொறுத்த தகவல் தன் டேபிளில் இருப்பதுதான் விதி. ஆக இங்கே எதுவும் மீறப்படவில்லை. விலைக்கும் இதே கதைதான்.

கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, விகிதம் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று ஒரு வரலாற்று டேபிள் வைத்தால் பில்லில் எழுத வேண்டாமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த டேபிள் தேவைதான், புதிய பில் போட அது உதவும். ஆனால் பில் என்பது என்ன போட்டிருக்க வேண்டும் என்பதன் கணக்கல்ல, உண்மையில் என்ன போட்டோம் என்பதன் பதிவு. கவுன்ட்டரில் தவறான விகிதத்தில் பில் போயிருந்தாலும் பதிவு அதையே காட்ட வேண்டும். அப்போதுதான் தவறைத் திருத்தத் தனி ஆவணம் போட முடியும்.

அப்படியானால் உண்மையான மீறல் எது? பாக்கித் தொகை. கடன் வாடிக்கையாளரின் ஒவ்வொரு வாங்கலும் செலுத்தலும் கணக்கு டேபிளில் தனி வரிசையாக இருக்கின்றன; வாங்கினால் கூட்டல், செலுத்தினால் கழித்தல். எல்லாவற்றையும் கூட்டினால் பாக்கி வந்துவிடும். அதே பாக்கியை வாடிக்கையாளர் டேபிளிலும் ஒரு பத்தியாக எழுதி வைத்தால், அது மற்ற தகவல்களிலிருந்து வரக்கூடிய எண். அசல் நகல் அதுதான்.

இதை நியாயப்படுத்துபவரிடம் முதலில் அளந்து பார்த்தாயா என்று கேட்க வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்குச் சில நூறு வரிசைகள் இருக்கும். வாடிக்கையாளர் எண்ணுக்கு இன்டெக்ஸ் இருந்தால் அவற்றைக் கூட்டுவது கண் இமைக்கும் நேர வேலை. போஸ்ட்கிரெஸில் `EXPLAIN ANALYZE` போட்டுப் பார்த்தால் நேரம் திரையிலேயே தெரியும். மெதுவாக இருக்கும் என்ற ஊகத்தில் நகல் எடுத்து வைக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஓர் இன்டெக்ஸ்தான். ஒற்றைக் கடைக்கு இந்த நகல் வேண்டாம் என்பதே என் கருத்து. பல நூறு கிளைகளுள்ள நிறுவனத்தில், எல்லா வாடிக்கையாளரின் பாக்கியையும் வரிசைப்படுத்தி நாள் முழுக்கத் திரையில் காட்ட வேண்டும், கூட்டுவதற்குக் கோடிக்கணக்கான வரிசைகள், அளந்ததில் பல வினாடி ஆகிறது என்றால் அப்போது எழுதி வைப்பதில் நியாயம் உண்டு.

எழுதி வைத்த பிறகு அதைக் காப்பது தினசரி வேலை. பாக்கி 5,000 ரூபாய். இரண்டு கவுன்ட்டர்களில் ஒரே கணக்குக்கு ஒரே நேரத்தில் 200-க்கும் 300-க்கும் பில் போடுகிறார்கள். இரண்டு நிரல்களும் 5,000 என்று படித்து, ஒன்று 5,200 என்றும் மற்றது 5,300 என்றும் எழுதினால் கடைசியில் 5,300 நிற்கும். சரியானது 5,500. நிரல் தான் படித்து, தான் கூட்டி எழுதாமல், `balance = balance + 300` என்று டேட்டாபேஸையே கூட்டச் சொல்ல வேண்டும். அதுவும் கணக்கு வரிசையை எழுதும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மின்சாரம் போகும்போது ஒன்று பதிந்து மற்றது பதியாமல் போகும்.

இவ்வளவு செய்தாலும் நகல் ஒருநாள் விலகும். விலகியதைச் சொல்ல ஒரு சோதனை இரவுதோறும் ஓட வேண்டும்.

```sql
SELECT c.id, c.balance, COALESCE(SUM(l.amount), 0) AS actual
FROM customers c
LEFT JOIN ledger l ON l.customer_id = c.id
GROUP BY c.id, c.balance
HAVING c.balance <> COALESCE(SUM(l.amount), 0);
```

எதுவும் வராவிட்டால் நகல் சரி. வரிசைகள் வந்தால் இரண்டில் எதை நம்புவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இங்கே கணக்கு டேபிள்தான் அசல். பாக்கியை அதிலிருந்து திரும்பக் கூட்டி எழுத வேண்டும், கையால் திருத்தக் கூடாது. பிறகு எந்தத் திரை பாக்கியைத் தொடாமல் கணக்கில் எழுதியது, அல்லது கணக்கில் எழுதாமல் பாக்கியைத் தொட்டது என்று தேட வேண்டும். பில் போடும் திரையை எல்லோரும் சோதித்திருப்பார்கள். பில்லை ரத்து செய்யும் திரை, மருந்தைத் திரும்பப் பெறும் திரை, யாரோ நேரடியாக டேட்டாபேஸில் ஓட்டிய ஒரு திருத்தம் ஆகிய இடங்களில் முதலில் தேடுவது நல்லது.