9 மில்லிமீட்டர் பிழையும் ஒரு விண்ணப்பக் கடிதமும்

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும் கடிதங்களில், "எனக்கு முன் அனுபவம் இல்லை, ஆனாலும் வாய்ப்புக் கொடுத்தால் கடினமாக உழைப்பேன்" என்ற வாக்கியம் அடிக்கடி வருகிறது. படிக்கும் பொறியாளருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் வேலை அனுபவம் இருக்காது என்பது அவருக்கே தெரியும். இந்தப் பிள்ளையைக் களத்துக்கு அழைத்துப் போனால் எந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் சொல்லப் படித்த பாடமும் ஒரு சின்ன புராஜெக்டும் போதும். ஆனால் அவற்றைச் சொல்லும் முறை முக்கியம்.

ஒரு சிவில் இன்ஜினீயரிங் மாணவியை எடுத்துக்கொள்வோம். நான்காம் செமஸ்டர் முடிகிறது. ஊரில் சாலை, மழைநீர் வடிகால் பணிகளுக்கு சர்வே செய்து தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் கோடை விடுமுறையில் சேர நினைக்கிறாள். கையில் இருப்பது ஒரே ஒரு புராஜெக்ட். மழை பெய்தால் கல்லூரி விடுதிச் சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஏன் என்று பார்க்க நான்கு பேர் சேர்ந்து லேபிலிருந்து ஆட்டோ லெவலையும் ஸ்டாஃபையும் வாங்கிப்போய் மட்டம் எடுத்தார்கள்.

அவள் முதலில் எழுதிய கடிதத்தில் இந்த வேலைக்கு ஒரே வரிதான்: "சர்வே தொடர்பாக ஒரு புராஜெக்ட் செய்துள்ளேன்." அதற்கு மேலே சர்வே, திரவ இயக்கவியல், பொருட்களின் வலிமை, கட்டுமானப் பொருட்கள் என்று ஏழெட்டுப் பாடங்களின் பெயர்கள். அவற்றை அதே வகுப்பில் படிக்கும் எல்லோரும் அப்படியே எழுதலாம். பாடங்களின் பட்டியலும் மதிப்பெண்ணும் பயோடேட்டாவில் இருக்கட்டும். கடிதத்தில் அந்த நிறுவனத்தின் வேலையைத் தொடும் ஒரு பாடம் வந்தால் போதும், அதுவும் அந்தப் பாடத்தில் கையால் என்ன செய்தாள் என்பதோடு வர வேண்டும். இவளுக்கு அது சர்வே லேப். ஆட்டோ லெவலைத் தானே நிறுத்திச் சரிசெய்யத் தெரியும், லெவல் புக் எழுதத் தெரியும். டோட்டல் ஸ்டேஷனை ஒரே ஒரு வகுப்பில்தான் தொட்டிருக்கிறாள். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பேன். டோட்டல் ஸ்டேஷன் நன்றாகத் தெரியும் என்று எழுதிவிட்டுக் களத்தில் அதை மையப்படுத்தத் தடுமாறினால், அவள் சொன்ன மற்றவை மீதும் நம்பிக்கை போய்விடும்.

இனி புராஜெக்ட். கடிதத்தின் பாதி இடத்தை இதற்கே கொடுக்கலாம். திருத்தி எழுதியபோது அந்தப் பத்தி இப்படி வந்தது:

"விடுதிச் சாலையில் மழைநீர் தேங்குவதற்குக் காரணம் அறிய, நாங்கள் நான்கு பேர் ஆட்டோ லெவல் கொண்டு 400 மீட்டர் சுற்றாக மட்டம் எடுத்தோம். லெவல் புக் எழுதியதும் கணக்குப் போட்டதும் நான். தொடங்கிய பெஞ்ச் மார்க்கிலேயே முடித்தபோது 109 மி.மீ. வித்தியாசம் வந்தது. ஓரிடத்தில் ஸ்டாஃபை 10 செ.மீ. தவறாகப் படித்திருந்ததைக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மறுபடி எடுத்தோம். பிழை 9 மி.மீ. ஆகக் குறைந்தது. வடிகாலின் வாய், சாலையின் தாழ்வான இடத்தைவிட 6 செ.மீ. உயரத்தில் இருப்பது தெரிந்தது."

சர்வே தெரிந்தவருக்கு இந்தப் பத்தி நிறையச் சொல்லும். சாதாரண மட்ட அளவைக்கு எவ்வளவு பிழை வரலாம் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு: தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்கினால் வருவது மில்லிமீட்டரில் அனுமதிக்கப்பட்ட பிழை. 400 மீட்டருக்கு அது சுமார் 15 மி.மீ. அவர்களுடைய 9 மி.மீ. அதற்குள் அடங்குகிறது. கண்டுபிடித்த உயர வித்தியாசமோ 60 மி.மீ. பிழையைவிட அது பல மடங்கு பெரியது என்பதால் முடிவை நம்பலாம். "மிகத் துல்லியமாகச் செய்தோம்" என்று எழுதியிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

முதல்முறை வந்த 109 மி.மீ. பிழையை எழுத அவள் தயங்கினாள். அதுவே இந்தக் கடிதத்தின் பலமான இடம் என்று நினைக்கிறேன். லெவல் புக்கின் கூட்டல் கழித்தலைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அது கணக்குப் பிழையை மட்டும்தான் காட்டும். ஸ்டாஃபைத் தவறாகப் படித்திருந்தால் கணக்கு அழகாகச் சரியாக வரும், உயரம் மட்டும் தப்பாக இருக்கும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடினால்தான் அந்தத் தப்பு வெளியே வரும். அவர்கள் மூடிப் பார்த்தார்கள். பிறகு சுற்றின் பாதியில் இருந்த ஒரு கல்லின் உயரத்தை மறுபடி எடுத்து, பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்று பிரித்துக் கண்டார்கள். வேலையைச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இரண்டாம் ஆண்டு மாணவியிடம் இருக்க முடியாது.

"நாங்கள்", "நான்" இரண்டையும் பிரித்து எழுதியதும் நல்லது. நான்கு பேர் செய்த வேலையை ஒருத்தி செய்ததாக எழுதினால், "கருவியை எங்கே நிறுத்தினாய்?" என்ற ஒரே கேள்வியில் அது தெரிந்துவிடும். குழுவின் வேலை எது, தன் வேலை எது என்று முன்பே சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் வராது.

கடிதத்தின் மற்ற பகுதிகள் சிறியவை. முதல் பத்தியில், யார், எந்த ஆண்டு, இந்த நிறுவனம் ஏன் என்ற மூன்றும் இரண்டு வாக்கியங்களில் முடிய வேண்டும். "உங்கள் நிறுவனம் வடிகால் பணிகளுக்கு சர்வே செய்வதால் எழுதுகிறேன்" என்றாலே போதும், புகழ்ச்சி வேண்டாம். கடைசிப் பத்தியில் மே மாதம் எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம் வர முடியும், கல்லூரியின் அனுமதிக் கடிதம் கிடைக்குமா, ஸ்டாஃப் பிடிப்பது முதல் லெவல் புக் எழுதுவது வரை எதைச் செய்யத் தயார் என்று எழுத வேண்டும். பொறியாளர் பதில் அனுப்புவதற்குத் தேவையான விவரம் அதுதான், பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 250 வார்த்தைக்குள், மின்னஞ்சலின் உள்ளேயே எழுதி, இரண்டு பக்க அறிக்கையையும் லெவல் புக்கின் ஒரு பக்கப் படத்தையும் இணைக்கலாம். கையால் எழுதிய அந்தப் பக்கத்தைப் பொறியாளர்கள் ஆர்வமாகத் திறந்து பார்ப்பார்கள்.

இதே கடிதத்தை எல்லா இடத்துக்கும் அனுப்ப முடியாது. கட்டடம் கட்டும் ஒப்பந்ததாரருக்கு என்றால், தளத்தின் மட்டம் பார்க்கவும் அடித்தள ஆழம் பார்க்கவும் ஆட்டோ லெவல் தேவைப்படும் என்பதால், புராஜெக்டை வைத்துக்கொண்டு முதல் பத்தியை மட்டும் மாற்றினால் போதும். பீம், காலம் வடிவமைக்கும் அலுவலகத்துக்கு இந்தப் புராஜெக்ட் அதிகம் உதவாது. அங்கே பொருட்களின் வலிமை லேபில் அவளே செய்த சோதனை ஒன்றை எடுத்து, இதே அளவு விவரத்தோடு எழுத வேண்டியிருக்கும்.

பதில் வந்து நேரில் அழைத்தால் கேள்வி பெரும்பாலும் புராஜெக்டிலிருந்துதான் வரும். இவளிடம் ஒரு கடினமான கேள்வி கேட்கப்படலாம்: சுற்றை மூடிப் பார்ப்பது, கருவியை இடம் மாற்றும்போது இரண்டு தடவை படிக்கப்படும் புள்ளிகளைத்தான் சரிபார்க்கும். இடையில் ஒரே தடவை படித்த புள்ளிகளில் தப்பு நேர்ந்திருந்தால் சுற்று அதைக் காட்டாது. வடிகால் வாயும் தாழ்வான இடமும் அப்படிப்பட்ட இடைப்புள்ளிகள்தானே, அந்த 6 செ.மீ. சரி என்று எப்படித் தெரியும்? கருவியை இரண்டு வெவ்வேறு இடங்களில் நிறுத்தி அவ்விரண்டையும் படித்திருந்தால் அதைச் சொல்லலாம். படிக்கவில்லை என்றால், கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அந்த இரண்டு புள்ளிகளையும் மறுபடி எடுத்துவிடுவது நல்லது.